அரை அங்குலக் குழாயும் மூன்று எச்.பி. மோட்டாரும்

எண்பதுகளின் நடுவில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் மருமகளாகப் போனேன். இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அந்தப் பட்டத்தால் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த வேலை, நாற்பது படி ஏறி மாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது.

ஊரிலேயே முதல் மாடித் தொட்டி எங்கள் வீட்டுடையது. மாமனார் ஆசைப்பட்டுக் கட்டியது. ஆயிரம் லிட்டர் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டி, அதற்குக் கீழே மாடியில் ஒரு குளியலறை. புதிதாகப் போட்ட போர்வெல்லில் ஒன்றரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் இறக்கியாயிற்று. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் வந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மணி நேரம் ஓடினால் கால் தொட்டி. மாலையில் மின்சாரம் சேர்ந்தாற்போல் இருப்பதே அந்த ஒரு மணி நேரம்தான்.

மாமனாரோ வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டுவார். யாராவது வருவதாகத் தெரிந்தால் போதும், அத்தையும் நானும் பின்பக்கப் படி வழியாக ஆளுக்கு எட்டுக் குடம் சுமந்து தொட்டியில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல அடுப்படியில் நிற்போம். "பாத்தீங்களா, மோட்டாரு எப்படித் தள்ளுதுன்னு" என்று மேலே அவர் சொல்வது கீழே கேட்கும். அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

கோளாறு மோட்டாரில் இல்லை என்று எனக்கு முதல் வாரமே தெரியும். போர்வெல்லின் வாய்க்கருகில் குழாயைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போட்டால் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அங்கிருந்து தொட்டிவரை போன குழாய்தான் வில்லன். மாமனார் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்திருந்த அரை அங்குல இரும்புக் குழாய் அது. உள்ளே துருப் படிந்து பென்சில் நுழைவதே பெரும்பாடு. அதிலும் சாமி அறைச் சுவரைத் தொடக்கூடாது, ஈசானிய மூலையில் குழி தோண்டக்கூடாது என்று வீட்டைச் சுற்றிப் பதினோரு வளைவு போட்டிருந்தார்.

ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "ஏனுங்க மாமா, கொஞ்சம் பெரிய பைப்பாப் போட்டிருக்கலாமுங்களே?"

அவர் என்னைப் பாவம் என்பதுபோலப் பார்த்தார். "ஏம்மிணி, ஓஸ் பைப்புல தண்ணி பாச்சயில நுனிய விரல்ல அமுக்கிப் பாத்திருக்கறயா? எவ்வளவு தூரம் பீச்சுது! சின்ன பைப்புன்னாத்தான் வேகம். வேகமிருந்தாத்தான் மேல ஏறும்."

அவர் கண்ணால் கண்டதில் தவறில்லை. நுனியில் மட்டும் குறுக்கினால் பீச்சத்தான் செய்யும். வழி நெடுகக் குறுக்கினால் மோட்டாரின் பலமெல்லாம் குழாய்ச் சுவரோடு உரசியே தீர்ந்துபோகும். "அப்படி இல்லீங்க மாமா" என்று ஆரம்பித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று மத்தியானம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மாமனார் எல்லோரிடமும் தண்ணீர் அறுபது அடியில் இருக்கிறது என்பார். அது மோட்டார் ஓடாதபோது. ஓடினால் நூற்றிருபதுக்கு இறங்கிவிடும் என்று போர் போட்ட வண்டிக்காரர்கள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நூற்றிருபதும் தொட்டியின் முப்பதும் சேர்த்து நூற்றைம்பது அடி. நல்ல குழாயென்றால் உரசலுக்கு இன்னுமொரு பத்தடி. அரை மணியில் தொட்டி நிறைய வேண்டுமானால், தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படுவது அரை எச்.பி.கூட இல்லை. ஆனால் பம்பு தான் வாங்கிய பலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு எச்.பி.க்குள் அடங்கியது. ஒன்றரை தாராளம்.

அத்தையிடம் சொன்னபோது, வாங்கியதில் பாதியைப் பம்பு என்ன செய்கிறது என்று கேட்டார்.

"குடத்துத் தண்ணி பதினஞ்சு கிலோங்க அத்தை. அதை மேல கொண்டுபோக என்னோட நாப்பத்தஞ்சு கிலோவும் சேந்து படியேறுது. நாலுல ஒரு பங்குதான தண்ணிக்கு? மிச்சம் என்னையத் தூக்கறதுக்கே போயிருதுங்க."

அத்தை தன் உடம்பை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "அப்ப என்ற கணக்கு உன்னவிட மோசம்" என்றார்.

அந்த வாரமே மாமனார் மூன்று எச்.பி. மோட்டார் வாங்குவதென்று முடிவு செய்தார்.  எங்கள் போரில் மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் ஊறாது. பெரிய மோட்டார் அதைவிட வேகமாக இழுத்தால் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போய், மோட்டார் வெறுமனே சுற்றிப் புகைந்துவிடும். அதே துருக் குழாயில் தொட்டிக்கோ பெரிதாக எதுவும் கூடப்போவதில்லை. கடைசியில் குடம் என் இடுப்பில்தான்.

"நாமக்கல் போயிட்டு வாரேன்" என்று காலையில் அவர் பஸ் ஏறினார். புருஷன் லாரியோடு பம்பாய்ப் பக்கம் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அத்தை நேரே வெங்காயக் காட்டுக்குப் போனார். அங்கே பாசனத்துக்குக் கிடந்த ஒன்றேகால் அங்குலக் கருப்புக் குழாயைச் சுருளோடு தோளில் மாட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்.

"இது போதுமா பாரு" என்றார்.

துருக் குழாயைப் போர் வாயில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கருப்புக் குழாயைச் செருகினோம். சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே கம்பி போட்டு முறுக்கினோம். ஈசானிய மூலைக்கும் சாமி அறைக்கும் அத்தையே கன்னத்தில் போட்டுக்கொண்டு, குழாயை முற்றத்தின் குறுக்கே நேராக இழுத்து மாடிக்கு ஏற்றினார். வளைவென்று பார்த்தால் சுவரோரம் ஒன்று, தொட்டி விளிம்பில் ஒன்று.

மின்சாரம் அன்று நாலு மணிக்கே வந்துவிட்டது. நான் சுவிட்சைப் போட்டேன். கருப்புக் குழாய் தரையில் புரண்டு நிமிர்ந்தது. ட்யூப் கட்டில் கொஞ்சம் ஒழுகியது, அவ்வளவுதான். மாடியில் நின்ற அத்தை ஒரு சத்தமும் கொடுக்காததால் பயந்துபோய்ப் படியேறி ஓடினேன். குழாயின் வாய் நிறையத் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அரை மணிக்குள் தண்ணீர் தொட்டி விளிம்பை எட்டப் பார்த்தது. கீழே இறங்கிச் சுவிட்சை நிறுத்தப் புறப்பட்டேன். அப்போது வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

நாங்கள் மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தோம். முற்றத்தின் குறுக்கே கிடந்த குழாயைப் பார்த்தபடி அவர் நேராக எங்களுக்குக் கீழே வந்து நின்றார். மோட்டாருக்குச் சொல்லிவிட்டு வந்த களை முகத்தில் இருந்தது. புது மோட்டார் மறுநாள் வண்டியில் வரும் என்று பிறகு தெரிந்தது.

"இதென்ன கூத்து? பைப்ப ஆரு கழட்டுனது?"

அந்த நேரம் பார்த்துத் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிகிற தண்ணீர் போவதற்குத் தனிக் குழாய் வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தொட்டிதான் நிறைந்ததே இல்லையே. விளிம்பைத் தாண்டிச் சடசடவென்று அவர் தலையில் இறங்கியது. வெள்ளை வேட்டி, துண்டு, சட்டைப் பையிலிருந்த கடை ரசீது எல்லாம் நனைந்தன. அவர் நகரக்கூடத் தோன்றாமல் அண்ணாந்து தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 

"பழைய மோட்டாருதானா அது?" என்றார் கடைசியில்.

"அதேதானுங்க மாமா."

அவர் நனைந்த ரசீதை எடுத்து உதறினார். "நாளைக்குக் காலையில கடைக்கு ஆளு உட்டு வேண்டாம்னு சொல்லோணும்" என்று முனகினார். பிறகு முகத்தை வழித்துவிட்டுக் கத்தினார்: "அம்மிணி, மோட்டார நிறுத்து!"

நான் படியை நோக்கி ஓடினேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்" என்றார்.