கடைக்கு மஞ்சள், வீட்டுக்குக் கறுப்பு

கம்பத்தில் எங்களுக்குச் சின்ன உருளைக்கிழங்குச் சிப்ஸ் கடை. வீட்டுக்காரர் பொரிப்பார், நான் சீவுவேன், பொட்டலம் கட்டுவேன். கருகின ஒரு துண்டுகூட வாடிக்கையாளர் கைக்குப் போகக்கூடாது அவருக்கு. அரித்தெடுத்துத் தனி டப்பாவில் போடுவார். அந்த டப்பா சாயங்காலம் வீட்டுக்கு வரும். எட்டு வயது மகன் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பாடம் படிப்பான். எதுவும் வீணாகவில்லையே என்று நானும் பூரித்துப் போவேன். புத்தி இருந்தால்தானே!

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், வீரபாண்டித் திருவிழாக் கடைக்காக முன்கூட்டியே உருளைக்கிழங்கு மூட்டைகள் வாங்கினார். வெயிலுக்கு முளைவிட்டுவிடும் என்று, தெரிந்தவரின் திராட்சைக் குளிர்கிடங்கில் அடுக்கினார். பெரிய யோசனை பண்ணிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

எடுத்துவந்து பொரித்தால், போட்ட வேகத்தில் சிவந்து கறுத்தது. பாதிக்கு மேல் கழிவு. டப்பா நிறைந்து வழிந்தது, மகனுக்குக் கொண்டாட்டம்.

வெளியூர்க் கல்லூரியில் மனையியல் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். தம்பி கையிலிருந்த டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இத இனிமே குடுக்காதீகப்பா. கெழங்கு கருகச் செவந்தா அக்ரிலமைடுன்னு ஒரு நஞ்சு கூடும்னு காலேஜ்ல சொன்னாக."

"எண்ணெயில எவன் போட்டான் அத?"

"யாரும் போடல. கெழங்குல இருக்கற சர்க்கரையும் இன்னொரு சத்தும் சூட்டுல சேர்ந்து உண்டாகுது. குளிர்ல வச்சா அந்தச் சர்க்கரை ஏறிப்போகும், அதான் சீக்கிரம் கறுக்குது. எலிக்குக் குடுத்துப் பாத்ததுல புத்துநோய் வந்துச்சாம். மனுசனுக்கு வருமானு இன்னும் உறுதியாத் தெரியல. ஆனா தெனமும் இவன் தின்னா?"

அவர் முகம் செத்துப்போனது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நாங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஆகாததைப் பொறுக்கி எங்கள் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறோம். எனக்கு அவர்மேல் வந்த கோபம் என்மேலேயே திரும்பியது.

குளிர்க் கிழங்கை மசாலாவுக்கு ஓட்டலில் தள்ளினோம். அவித்தால் அந்தத் தொல்லை இல்லையாம். புதுக் கிழங்கு வாங்கி, சீவியதைச் சர்க்கரை கரைந்துபோக அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றினேன். எண்ணெய் புகையுமுன் அவர் அடுப்பைத் தணித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பொன்மஞ்சள் வந்ததும் அரித்தார். வீட்டு வறுவலுக்கும் முதலில் அரைவேக்காடாக அவித்து, பிறகு லேசாக வதக்கச் சொன்னாள் மகள்.

முதல் ஈடு ஆறியதும், கடைக்கு ஒன்றும் எடுத்துவைக்காமல், மொத்தத்தையும் தட்டில் அள்ளி மகனிடம் நீட்டினார். அவன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"இது கடைக்குள்ளதுப்பா. எனக்குள்ளது எங்க?"

அவர் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். அடுப்பை நான்தான் அணைத்தேன்.