பூனை தூங்கிய பக்கம்

மலேசியாவின் பாசிர் கூடாங் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இன்று பாலர் வகுப்புக்குப் படக்கதைப் புத்தகம் தேர்ந்தெடுத்தார்கள். என் புத்தகத்தோடு நான் போயிருந்தேன்; சக புத்தக வியாபாரி முருகையாவும் வந்திருந்தார். போன வருடம் என் புத்தகத்தில் அச்சுப்பிழை என்று ஊரெல்லாம் சொல்லி, என் ஆர்டரைப் பறித்தவர்.

இன்றும் என் புத்தகத்தைப் பிரித்து அதே பாட்டு. "டீச்சர், பூனை சமத்தா தூங்குச்சுன்னு எழுதியிருக்கு. படத்துல மீன் திங்குது லா!"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "பிள்ளைங்களுக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்கண்ணே" என்றேன்.

வாசித்தார்.

"பொய்! திருட்டுப் பூனை!" வகுப்பே கத்தியது.

அடுத்த பக்கம், 'மீன் எங்கே?' என்று மட்டும் கேட்கிறது. பூனையின் பாய்க்கடியில் மீன்முள் நீட்டிக்கொண்டிருப்பதைப் படம்தான் காட்டுகிறது. பிள்ளைகள் எழுந்து ஓடி வந்து விரல் வைத்தார்கள்.

பிறகு அவர் தன் புத்தகத்தை வாசித்தார். 'சிவப்புப் பந்து உருண்டது.' படத்திலும் சிவப்புப் பந்து உருண்டது. ஒரு பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை.

"எழுத்து சொன்னதையே படமும் சொன்னா, பிள்ளைங்க கண்டுபிடிக்க என்ன இருக்கு அங்கிள்?" என்ற டீச்சர், என் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

வாசலில் முருகையா, "என் கடைக்கும் கொஞ்சம் கொடேன்" என்றார்.

"கண்டிப்பாண்ணே. அச்சுப்பிழைய திருத்திட்டுத் தரேன்."

வார்த்தை பணிவாகத்தான் வந்தது. என் முகம் என்ன சொன்னது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.