செங்கல் நிறத்துக்கு மாறிய தாள்

உணவு நச்சியல் பரீட்சையின் செய்முறைப் பகுதி அன்று காலையில் நடந்தது. மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் வழியில் ஒரு சின்ன உணவுத் தொழில்நுட்பக் கல்லூரி அது. விடுதியும் சமையலறையும் ஆய்வுகூடத்தின் பின்னாலேயே இருந்தன.

முதல் மேசையில் சிவப்பு கிட்னி பீன்ஸ். பச்சையாக அரைத்து எடுத்த சாற்றை இரத்தத் துளியில் விட்டதும், இரத்தம் மணல் மணலாகத் திரண்டது. நன்றாகக் கொதிக்க வைத்த விதையின் சாற்றில் ஒன்றும் நடக்கவில்லை. லெக்டின் என்ற நச்சுப் புரதத்தின் வேலை. அரைவேக்காட்டில் அது சாகாது என்று விடைத்தாளில் எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

அங்கே மரவள்ளி. துருவிய கிழங்கைக் குழாயில் போட்டு, சில துளி நீர் விட்டு, மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளை அதன் மேலே தொங்கவிட்டு மூடி, வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். கிழங்கு நசுங்கும்போது அதற்குள் தனித்தனியாக இருக்கும் நச்சு மூலப்பொருளும் நொதியும் சந்திக்கும். சயனைட்டு வாயு வரும். அது கூடக்கூட, தாள் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கும் பிறகு செங்கல் நிறத்துக்கும் போகும். வகுப்பில் செய்தபோது வெளிறிய செம்மஞ்சளைத் தாண்டியதே இல்லை.

அன்று என் தாள், நான் கைகழுவித் திரும்புவதற்குள் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சற்று நேரத்தில் நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் மிஞ்சி இருண்டது. நான் எதையாவது பிழையாகக் கலந்துவிட்டேனா என்று பயந்து பக்கத்து மேசையைப் பார்த்தேன். அங்கும் அதே நிறம். எல்லாக் குழாயிலும் அதே நிறம்.

ஜன்னல் வழியே மரவள்ளி அவியும் மணம் வந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். "மிஸ், இந்தக் கிழங்கு எங்க வாங்கினது?"

"பரீட்சை நேரத்தில பேசக் கூடாது," என்றார் விரிவுரையாளர். ஆனால் சொல்லிக்கொண்டே என் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய முகம் மாறியது. சந்தையில் வாங்கிய கிழங்கு அழுகிப்போயிருந்ததால், காலையில் சமையலறை மூட்டையிலிருந்துதான் எடுத்து வந்திருந்தார்.

"எல்லாரும் இருங்க. நீ மட்டும் வா," என்றபடி ஓடினார்.

சமையல்கார அக்கா அடுப்பருகே தேங்காய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். பெரிய பானை மூடியபடி கொதித்தது.

"பயப்படாதீங்க மிஸ், இஞ்சி ஒரு துண்டு கூட சேர்க்கலைங்க," என்றார், மரவள்ளிக்கு ஆகாதது இஞ்சி ஒன்றுதான் என்பதுபோல.

மூடியைத் திறந்தேன். பெரிய பெரிய துண்டுகள், கொஞ்சத் தண்ணீர். அப்படிப் போட்டால் கொதிநீரில் நொதி முதலில் செத்துப்போகும். நச்சின் மூலம் கிழங்குக்குள்ளேயே தங்கி, வயிற்றில் போய் வேலையைத் தொடங்கும். எழுத்துப் பரீட்சையில் அதைத்தான் எழுதியிருந்தேன்.

"கிழங்கு யாரு தந்தது?" என்று கேட்டேன்.

"நம்ம கேட்டு வாச்சர் ஐயா தாங்க. அவரோட தம்பி தோட்டத்துல வந்தது. மத்தவங்க தோட்டமெல்லாம் பன்றி கிளறிருச்சாம், இதைத் தொடவே இல்லையாம்."

விரிவுரையாளர் பானையை அடுப்பிலிருந்து இறக்கினார். "யாராவது சாப்பிட்டாங்களா?"

அக்கா தயங்கினார். "வாச்சர் ஐயா மட்டும், மொத ஈட்டுல. பசிக்குதுன்னாரு. கொஞ்சம் கசக்குதுன்னு சம்பல் கூட கேட்டு வாங்கினாரு."

வாயிற்காவல் அறையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வேகவேகமாக வாங்கியது. சட்டையில் வாந்தி.

"தலை சுத்துது மிஸ்," என்று தமிழில் தொடங்கி, பிறகு சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். கல்லூரி வேனில் ஏற்றும்போது அவருடைய கை என் கையைப் பிடித்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது. "சயனைட்டு, மரவள்ளி சயனைட்டு," என்று விரிவுரையாளர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஒட்சிசனும் நச்சுமுறி ஊசியும் தயாராக இருந்தன என்று பிறகு சொன்னார்கள்.

அவர் பிழைத்தார். மாலையில் கண் திறந்து, தம்பியைக் கூப்பிடச் சொன்னார்.

தம்பி வந்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். தோட்டத்தில் மீதமுள்ள கிழங்கை என்ன செய்தாய் என்று கேட்டபோது, தம்பி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்தே வித்துட்டேன், சேர். ரோட்டுல போன லொறிக்காரனுக்கு. முழுத் தோட்டத்தையும்."

எந்த லொறி, எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. பரிசோதகர் அங்கிருந்தே ஒவ்வோர் ஊராகத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் என் ஊரான உக்குவளைக்கு வந்தேன். தெருவோரக் கடையொன்றில் அவித்த மரவள்ளியைத் தாளில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆவி பறந்தது. பிள்ளையைத் தூக்கிய ஒரு பெண் ஒரு துண்டை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போய் நின்றேன்.

"கசக்குதாங்க?" என்று கேட்டேன்.