நான் எழுதாத ஒரு வரி

ஐந்து வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை இரவு. இடம், நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் ஒற்றை அறை வீடு. ஒரு நாளிதழுக்குப் பயிற்சி உதவி ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்ப அன்று இரவு பன்னிரண்டு மணிதான் கடைசி.

அப்போது நான் ஈக்காட்டுத்தாங்கலில், பள்ளிக்கூட கைடுகளுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு சிறிய ஆபீஸில் பிழை திருத்துபவராக இருந்தேன். வேலையில் சேர்ந்த அன்றே பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் முதலாளி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அங்கே எல்லோருடையதும் அந்த பீரோவில்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் வேறு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே அவளை வேலையை விட்டு அனுப்பினார். சான்றிதழைக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு அவள் மூன்று மாதம் வாசலுக்கு நடந்ததை நான் என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். அதனால் நான் விண்ணப்பிப்பது ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது என்று இருந்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

விளம்பரத்தில் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. பொருள் வரியில் பதவியின் பெயரும் ஊரும் மட்டும். மின்னஞ்சலின் உடலிலேயே முந்நூறு சொல்லுக்குள் ஒரு கடிதம். தன்விவரம் பி.டி.எஃப் ஆக இணைப்பில். மொழிபெயர்ப்பு மாதிரி ஒன்று. எல்லாம் ஒரே மின்னஞ்சலில் வர வேண்டும், லிங்க் அனுப்பக் கூடாது. இணைப்புகள் இரண்டையும் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் தயார் செய்து போனில் ஏற்றி வைத்திருந்தேன். ஆபீஸில் செய்ய பயம். மிச்சம் இருந்தது கடிதம் மட்டும்.

அந்தக் கடிதம் மூன்று இரவுகளாக வரவில்லை. திங்கள் இரவு எழுதியதில் அப்பா இறந்தது, அம்மா ரோட்டோரம் மீன் விற்பது, குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்பதெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். வேலை கேட்பதுபோல் இல்லை, உதவி கேட்பதுபோல் இருந்தது. அழித்தேன். செவ்வாய் இரவு எழுதியதில் 'கடின உழைப்பாளி', 'குழுவாகச் செயல்படும் திறன்' என்று யாரும் யாருக்கும் எழுதக்கூடிய சொற்கள் வந்திருந்தன. அதையும் அழித்தேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அம்மா படுத்தாள். இரண்டரை மணிக்கு எழுந்து காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போக வேண்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை, ஒரு பாடப் பக்கத்தில் நான் கண்டுபிடித்த ஒரு தகவல் பிழையைப் பற்றி எழுதினேன். அதை எப்படிச் சந்தேகப்பட்டேன், எங்கே போய்ச் சரிபார்த்தேன் என்று நான்கு வாக்கியங்கள். அது நன்றாக வந்தது. இரண்டு பி.டி.எஃப்களையும் இணைத்தேன். கடைசிப் பத்தி மட்டும் பாக்கி.

"இன்னாடி, இன்னும் முழிச்சிகினு கீற? கண்ணு அவிஞ்சி பூடும். அதைக் கீழ போடு" என்றாள் அம்மா.

"ஆபீஸ் வேலைம்மா."

"உங்க சாரு தூங்கவே மாட்டாரா? அந்தாளுக்கு வீடு வாசல் கெடயாதா?"

அம்மாவின் மூச்சு சீராகும் வரை போனைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தேன். மறுபடி திறந்தபோது மணி பதினொன்று ஐந்து. கடிதத்தின் தலையில், 'வணக்கம்' என்ற சொல்லுக்கு மேலே, ஒரு வரி இருந்தது.

'அனுப்புநர் முகவரியைப் பார். இது ஆபீஸ் மெயில்.'

அதை நான் எழுதவில்லை.

முதலில் தலைக்கு எதுவும் எட்டவில்லை. பிறகு அனுப்புநர் என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸின் பொது மின்னஞ்சல்.

எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு மின்னஞ்சல் கிடையாது. எல்லோருக்கும் ஒன்றுதான். வாசல் பக்கக் கணினியில் அது இரவும் பகலும் திறந்தே கிடக்கும். திருத்தங்கள் எந்நேரமும் வரும் என்பதால் அதையே எல்லோர் போனிலும் முதலாளி போட வைத்திருந்தார். தினமும் இரவு திருத்தம் வந்திருப்பதாக அறிவிப்பு வரும், தொட்டுப் பார்ப்பேன். பிறகு அதே திரையில் புதிய மின்னஞ்சல் தொடங்கியிருக்கிறேன். நான் எந்தக் கணக்குக்குள் நிற்கிறேனோ அதிலிருந்துதான் அது தொடங்கும். நான் எழுத எழுத அது தானாக டிராஃப்டில் சேமிக்கப்பட்டு, அந்த வாசல் பக்கக் கணினியிலும் தோன்றிக்கொண்டிருந்தது. மூன்று இரவும்.

அன்று இரவு ஷிப்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கம் அமைக்கும் பாய். திருவல்லிக்கேணிக்காரர், நாற்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. இன்னொருவர் முதலாளி. தேர்வுப் பருவத்தில் அவர் நள்ளிரவு வரை இருப்பார். அந்த வரியில் மரியாதை இல்லை. 'பார்' என்று இருந்தது. முதலாளி அப்படித்தான் எழுதுவார். பாய் யாருக்கும் எதுவும் எழுதி நான் பார்த்ததே இல்லை.

போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் போய், சும்மா எழுதிப் பார்த்தேன் சார் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சான்றிதழ் தப்பிக்கும். வேலையும் தப்பிக்கும். அந்த பீரோவுக்குக் கட்டுப்பட்டு இன்னும் எத்தனை வருடமோ உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கடைசி எண்ணம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

கடிதம் முழுவதையும் நகலெடுத்தேன். என் சொந்தக் கணக்குக்கு மாறி, புதிய மின்னஞ்சல் திறந்து ஒட்டினேன். எழுத்து மட்டும்தான் வந்தது, இணைப்புகள் வரவில்லை. பெறுநர் முகவரியையும் பொருள் வரியையும் விளம்பரத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். பிறகு பழைய டிராஃப்டை அழிக்க ஆபீஸ் கணக்குக்குப் போனேன்.

அது அங்கே இல்லை.

இரண்டு நிமிடத்துக்கு முன் இருந்ததை யாரோ இப்போதுதான் அழித்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டியிலும் பார்த்தேன். டிராஃப்டை அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். நாலைந்து மைல் தள்ளி, விளக்கு எரியும் ஓர் அறையில், யாரோ அந்தக் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. என் உள்ளங்கை வியர்த்து, திரை தொடுகையை ஏற்கவில்லை. போர்வையில் துடைத்துத் துடைத்து அடித்தேன்.

கடைசிப் பத்தியை இரண்டே வரியில் முடித்தேன். பி.டி.எஃப்களை மறுபடி இணைத்து, சரியான கோப்புதானா என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். பதினொன்று நாற்பத்தாறுக்கு அனுப்பு பொத்தானை அழுத்தினேன். விரலை எடுத்த நொடியில்தான் உறைத்தது. நகலெடுத்தபோது அந்த வரியையும் சேர்த்து எடுத்திருந்தேன். 'இது ஆபீஸ் மெயில்' என்ற முதல் வரியோடு என் விண்ணப்பம் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அனுப்பியதை நிறுத்த, திரையின் அடியில் 'அன்டூ' என்ற சொல் சில நொடிகள் நிற்கும். அது மறைவதற்குள் தொட்டுவிட்டேன். மின்னஞ்சல் மறுபடி திறந்தது. வரியை அழித்தேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினேன். அனுப்பியவை என்ற இடத்தில் அது வந்து விழுந்த பிறகும் நான் தூங்கவில்லை. இரண்டரை மணிக்கு அம்மா எழுந்தபோது தூங்குவதுபோல் கிடந்தேன்.

காலையில் ஆபீஸ் படியேற முடியவில்லை. இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று ஏறினேன். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, முதலாளி அறையிலிருந்து கூப்பிட்டார். போய் நின்றேன். அவர் பக்கத்தில் அந்த பீரோ. ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நூத்திப் பன்னண்டாம் பக்கம். படத்துக்குக் கீழ விளக்கம் மாறியிருக்கு. கண்ணத் தொறந்து பாரும்மா."

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.

மாலை டீக்கடையில், இரவு ஷிப்டுக்கு வந்த பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அனுப்பிட்டியா?"

தலையாட்டினேன்.

"திங்கக்கெழமயே பார்த்தேன். எழுதுற, அழிக்கிற. மனசு மாறிட்டியாக்கும்னு வுட்டேன். மொதல்ல எழுதினது ஒரே அழுகாச்சிமா. கடைசி ஒண்ணுதான் தேவல."

"நீங்கதான் அழிச்சீங்களா, பாய்?"

"பின்ன? சாரு எந்திரிச்சி அந்த மிஷினாண்ட வந்துனே கீறாரு. உனுக்கு போன் அடிச்சா அவருக்கு கேக்கும். வேற இன்னா பண்றது?" டீயை ஒரே மடக்கில் குடித்து கிளாஸை வைத்தார். "என்னுதும் ஒரு நாள் அதுல கெடந்துச்சு. அன்னிக்கு எவனும் சொல்லல."

நான் பதில் சொல்வதற்குள் படியேறிப் போய்விட்டார். அவருடைய சான்றிதழ்களும் அந்த பீரோவில் பன்னிரண்டு வருடமாக இருப்பதைப் பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு என் சொந்த முகவரிக்கு வந்தது. வேலை கிடைத்தது. சான்றிதழ்களைத் தர முதலாளி ஏழு வாரம் இழுத்தடித்தார். ஒரு நாள் அம்மாவே வந்து அவர் மேஜைக்கு எதிரில் நின்றாள். "எம் பொண்ணு பேப்பரக் குடு நைனா. இன்னிக்கு வெறுங்கையா வந்துகீறேன், நாளைக்கு மீன் கூடையோட வந்து ஒக்காந்துக்குவேன்" என்றாள். அன்று மாலையே கொடுத்துவிட்டார்.

பத்திரிகையில் சேர்ந்தபின், கேள்வி கேட்பதே என் வேலையாகிவிட்டது. யாரிடமும் எதையும் கேட்கத் தயங்குவதில்லை. ஆனால் ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்து எனக்காக ஒரு வரி அடித்தார். தன்னுடையதும் அந்தக் கணினியில் கிடந்ததாகச் சொன்னாரே, அந்த நாளில் அவர் எந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார் என்று அந்த டீக்கடையிலோ அதற்குப் பிறகோ நான் அவரைக் கேட்கவே இல்லை, அந்த இரவில் பயந்ததைவிட இதைத்தான் இன்று அதிகம் நினைக்கிறேன்.