அட்டை ஓரத்தில் வந்த எழுத்து

மன்னார்புரத்தில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடைக்கு யாரும் பொறுமையாக வருவதில்லை. காதுகுத்து பேனர் நாளைக்கே வேண்டும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒரு மணி நேரத்தில் வேண்டும். டிசைன் செய்வது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் முதலாளி என்னை உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்திருக்கிறார். வருகிறவர்களோடு நான் பேசாமல் இருந்தால் கடைக்கு நல்லது என்று அவர் நினைக்கிறார். ஆனால் ஒரு நாள் ஒரு அம்மா யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்துவிட்டார்.

அறுபது வயதிருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். அவர் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பிறர் சொல்வது புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒரு கட்டு பட அட்டைகளைக் கொடுத்து, வேண்டியதை அவர் தொட்டுக் காட்டிப் பழகட்டும் என்றிருக்கிறார்.

அந்த அட்டைகளை என் மேஜையில் பரப்பினார். சாப்பாடு என்றால் முள்கரண்டியும் கத்தியும். குளியல் என்றால் நுரை ததும்பும் தொட்டி. தூக்கம் என்றால் செம்பட்டை முடிக்காரன் ஒருவன் தடித்த போர்வைக்குள் கிடந்தான்.

"இதைக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்கிறார்ம்மா. நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க. தெனமும் காலையில ஏதோ ஒண்ணு கேக்குறார். எனக்கு என்னன்னே புரியல. கட்டில அடிக்கிறார்."

போனில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன். சாமான்களை எடுக்கலாம், குளிப்பதையும் உடுத்துவதையும் படுப்பதையும் யாரை வைத்து எடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரு அட்டைக்கு ஒரே செயல், பின்னால் வேறு எதுவும் இருக்கக்கூடாது என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லி அனுப்பியிருந்தார். பதினாறு அட்டை. சரி என்றேன்.

எங்கள் கடையில் அப்போது எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். பல மொழிகள் தெரியும், தமிழும் தெரியும் என்று அதிலேயே போட்டிருந்தது. அதுவரை பேனருக்குப் பூவும் பொன்னிற பார்டரும் வாங்குவதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தியிருந்தேன். இந்த வேலையையும் அதே திமிரோடு ஆரம்பித்தேன்.

அச்சுக்கடை ஆட்கள் சீட்டில் எழுதும் மொழி ஒன்று உண்டு. பாதி ஆங்கிலம், பாதி தமிழ், வினைச்சொல் இருந்தால் இருக்கும். மெஷின்காரருக்கும் லேமினேஷன் போடும் அண்ணனுக்கும் அது போதும். மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். நான் அந்த மென்பொருளுக்கும் அப்படியே எழுதினேன். வயசான ஆள், பக்கெட், மக், தண்ணீர் ஊற்றுவது, வெள்ளைப் பின்னணி. இதில் ஆள், பக்கெட், மக், பின்னணி எல்லாம் ஆங்கில எழுத்தில். வயதும் தண்ணீரும் ஊற்றுவதும் தமிழ் எழுத்தில்.

வெள்ளைத் தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக் கிழவர் வந்தார். கையில் காபி குடிக்கும் கோப்பை. பக்கெட் காலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. ஊற்றுவதைக் காணவே இல்லை. கீழே ஒரு வரி எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே போனால் எதுவுமே இல்லை, கொம்பும் சுழியும் காலும் கலைந்து கிடந்தன. ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே தமிழ்ச் சொல் வந்தால், அதைப் படத்தில் எழுதச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது போல. எழுதவும் தெரியாது, எழுதாமல் இருக்கவும் தெரியாது.

நான் அதைத் திட்டுவது வெளியே கேட்டிருக்கிறது. லேமினேஷன் அண்ணன் தலையை நீட்டி, "மனுஷங்க பத்தாதுன்னு இதுகிட்டயுமா?" என்றார்.

ஆங்கிலத்தில் இந்தியர் என்று சேர்த்தேன். தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வந்தன. தென்னிந்தியர் என்றேன். நெற்றியில் பட்டை, பின்னால் கோபுரம். மற்ற அட்டைகளும் இதே லட்சணம். எப்படியோ ஒப்பேற்றினேன். எழுத்து வந்த இடங்களையெல்லாம் ஓரத்தில் வெட்டினேன். இரண்டு மூன்றில் வெட்டினால் ஆளின் காலும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். சின்ன எழுத்துதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். லேமினேஷன் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். குரல் சரியில்லை. சண்டைக்கு வருகிறார் என்றுதான் எடுத்தேன்.

"நீங்க குடுத்த அட்டைய கண்ணுகிட்ட வச்சுக்கிட்டு அந்தக் கீழ் வரிய வெரலால தடவித் தடவிப் பாத்தார்ம்மா. அரை மணி நேரம். அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். பேப்பரையும் தொட மாட்டேங்குறார்."

அதுவரை தினமும் காலையில் செய்தித்தாளை இடது கையில் பிடித்து எதிரில் வைத்துக்கொள்வாராம். எவ்வளவு படிக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பிடித்துக்கொண்டிருப்பார். பேச்சுதான் போய்விட்டது, படிப்பு இருக்கிறது என்று அவர் நம்பியிருந்திருக்கிறார். என் அட்டை அந்த நம்பிக்கையில் கையை வைத்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். உத்தர வீதியை ஒட்டிய சந்தில் கீழ்த்தளத்து வீடு. முன்னறையில் கட்டில். நான் உள்ளே போனதும் அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், இது எழுத்தே இல்ல. கம்ப்யூட்டர் கிறுக்கினது. எனக்கும் படிக்க வராது, உங்க வீட்டம்மாவுக்கும் வராது. தப்பு என்னோடது."

அவர் நம்பவில்லை. நோயாளியைத் தேற்ற எல்லோரும் சொல்லும் பொய் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அந்த மாதிரி தேற்றத் தெரியாது. போனை எடுத்தேன். அதே மென்பொருள் என் போனிலும் இருந்தது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் எழுதியதை அப்படியே மறுபடி எழுதினேன். கிழவர் வந்தார், கீழே ஒரு வரி வந்தது. அட்டையில் இருந்த வரி வேறு, இந்த வரி வேறு. ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்னொரு முறை கொடுத்தேன். மூன்றாவது விதமாக ஒரு வரி வந்தது.

அவர் திரும்பிவிட்டார். இடது கையால் போனைப் பக்கத்தில் இழுத்து, அட்டையை அதன் மேல் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். முப்பது வருஷம் இரும்பைப் பார்த்த கண். ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? நான் மேஜையில் இருந்த மார்க்கரை எடுத்து அட்டையின் பின்பக்கம் சீப்பு என்று எழுதி நீட்டினேன். டம்ளர், சீப்பு, மூக்குக்கண்ணாடி மூன்றும் ஜன்னல் விளிம்பில் இருந்தன. அவர் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அந்த அம்மா வாயைத் திறக்கப் போனார், நான் முறைத்தேன். அவர் கை மெதுவாகப் போய்ச் சீப்பைத் தொட்டது.

பிறகு என் அட்டையை எடுத்துத் தரையில் எறிந்தார். பணிமனையில் கழித்துப் போடுகிற துண்டு அப்படித்தான் விழும் போல. மற்ற பதினைந்தும் அதன் பின்னாலேயே விழுந்தன. அந்த அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து புதிதாக ஆரம்பித்தோம். இந்த முறை முழுக்கத் தமிழ். அதுவும் உடனே சரியாக வந்துவிடவில்லை. அழகாக எழுதுகிறேன் என்று 'நீராடும் முதியவர்' என்று கொடுத்தேன். காவேரிப் படித்துறையில் ஜடாமுடியோடு ஒரு சாமியார் நின்றார். கட்டிலில் இருந்தவர் கையை வீசினார், கழிவு. பேசுகிற மாதிரியே எழுதிப் பார்த்தேன். ஆள் சரியாக இருந்தார், செய்கிற காரியம் குழம்பியது. சொம்பு என்று எழுதினால் மாவிலையும் தேங்காயும் வைத்த கலசம். அதுவும் கழிவு. தொட்டி வேண்டாம் என்று எழுதினேன், உடனே தொட்டி வந்தது. வேண்டாததைச் சொல்லவே கூடாது.

"உங்க வீட்டுல அவர் எப்படிக் குளிப்பார், அதை மட்டும் சொல்லுங்க. ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க" என்றேன் அந்த அம்மாவிடம்.

அவர் சொன்னார், நான் அதைப் பாடப்புத்தக நடையில் முழு வாக்கியங்களாக்கினேன். 'எழுபது வயது தமிழ் ஆண் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் ஈரமான வெள்ளை வேட்டி. அவருக்கு முன்னால் தண்ணீர் நிறைந்த நீல பிளாஸ்டிக் வாளி. இடது கையில் சிறிய எவர்சில்வர் பாத்திரத்தைப் பிடித்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். பின்னணி வெறும் வெள்ளை.' பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் தமிழ்ச் சொல் இல்லைதான். தமிழ் எழுத்தில், தமிழ் வாக்கியத்துக்குள் இருந்ததால் அது தடுமாறவில்லை. அது உள்ளே தமிழாகவே படிக்கிறதா, ஆங்கிலமாக மாற்றிக்கொள்கிறதா என்று எனக்குத் தெரியாது. பாதியில் மொழி மாறினால் தடுக்கி விழுகிறது, அது மட்டும் தெரியும்.

படம் வந்தது. எழுத்து இல்லை. தண்ணீர் தலையிலிருந்து தோளில் வழிந்துகொண்டிருந்தது.

அவர் கையை வீசவில்லை. போனை என்னிடமிருந்து பிடுங்கி மனைவியின் மடியில் வைத்து, விரலால் தட்டினார். மறுபடி தட்டினார். கட்டிலையும் அடித்தார்.

"குளிக்கணுமா? தெனமும் துணி நனச்சு தொடச்சு விடுறேனேங்க."

அவர் படத்தில் தண்ணீர் வழிகிற இடத்தைத் தொட்டார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் காலையில் கேட்டது இதைத்தான். உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம் என்று போன வாரமே டாக்டர் சொல்லிவிட்டாராம். வழுக்கி விழுந்துவிட்டால் என்ற பயத்தில் இவர் துணியோடே நிறுத்திக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுக் கணவரின் தலையைத் தடவினார். தலை எண்ணெய்ப் பிசுக்கும் சிக்குமாக இருந்தது.

இப்போதே குளிப்பாட்டினால் என்ன என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அவரும் அந்த அம்மாவும் சேர்ந்து கணவரைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். நாற்காலியை முதலில் சுவரோடு ஒட்டிப் போட்டு ஆட்டிப் பார்த்தது நான். பிறகு வெளியே வந்து கதவுக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

முதல் சொம்புத் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை இல்லை. அந்த அம்மா பயந்துபோய் நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர், "ஊத்துங்கக்கா, நல்லாத்தான் இருக்கார்" என்றார். பிறகு வரிசையாகத் தண்ணீர் விழுந்தது. ஒரு வாளி தீர்ந்ததும் போதும் என்று அந்த அம்மா துண்டை எடுக்கச் சொன்னார். உள்ளே காலி வாளியை யாரோ கையால் தட்டும் சத்தம் கேட்டது. விடாமல் தட்டினார்.

அந்த அம்மா குழாயைத் திறந்தார்.