பத்தொன்பது பேர் படித்த கோபம்

கமேலியாவுக்கு வாயைவிட விரல் வேகம். வாயாவது மூச்சு வாங்க ஒரு நொடி நிற்கும். விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. யாம்போல் நகரப் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்த நாளிலிருந்து அவள் அனுப்பிய குறுஞ்செய்திகளை ஒன்று சேர்த்தால், பாதி மற்ற பாதிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியதாக இருக்கும். மன்னிப்புக் கேட்பதில் தனக்கு நிகர் யாரும் இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. கோர்னோ இஸ்வோரோவோ கிராமத்துக்குப் போகும் பஸ், வழக்கமான நேரத்துக்கு நடைமேடைக்கு வரவில்லை. கையில் வெங்காயத் தாளும் கோழிக்குஞ்சுப் பெட்டியுமாக நின்ற ஜனங்கள், முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு கமேலியாவின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னலைத் தட்டினார்கள்.

"ஏம்மா, உள்ள உக்காந்து பூ கட்டிட்டு இருக்கியா? பஸ் எங்க?" என்றார் ஒரு கிழவர்.

பஸ் எங்கே என்று கமேலியாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வராது. காலை ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்த நெவெனாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் காபிக் கோப்பை கழுவப்படாமல் மேசையில் இருந்தது. அதுவே சாட்சியாகப் பட்டது. பஸ் நிலைய ஆட்கள் எல்லாரும் இருக்கும் கைபேசிக் குழுவில், வைபரில், கமேலியா எழுதினாள்:

"நெவெனா, பஸ் நேரம் மாறினா சொல்லிட்டுப் போகணும்னு உனக்கு எத்தனை வருஷம் ஆனாத் தெரியும்? இங்க சில பேர் வேலை பாக்குறோம். சில பேர் காபி குடிச்சிட்டு வீட்டுக்குப் போறாங்க."

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. அரை மணி கழித்துப் பஸ் வந்தது. ஜனங்கள் ஏறிப் போனார்கள். குழுவில் இருந்த பத்தொன்பது பேரும் படித்துவிட்டார்கள். அதில் ஒருவர் மேலாளர் திமோவ். அவர் கீழே பதில் எழுதியிருந்தார்: "நெவெனா, திங்கள் பத்து மணிக்கு என் அறைக்கு வரவும். விளக்கம் எழுதிக் கொண்டு வரவும்."

விளக்கம் என்றால் கண்டிப்புக்கு முந்தைய படி. குளிர்காலத்தில் பனியில் ஒரு பஸ்ஸைத் தாமதமாக விட்டதற்காக நெவெனா ஏற்கெனவே ஒரு கண்டிப்பு வாங்கியிருந்தாள். இன்னொன்று விழுந்தால் அது வேலைநீக்க எச்சரிக்கையாகவே வரும். அது கமேலியாவுக்கும் தெரியும். அப்போது அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

வீட்டில் அவரைக்கொட்டை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பேத்தியின் படத்தைத் தேடிக் கைபேசியைத் தள்ளிக்கொண்டே போன கமேலியாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. நெவெனா அன்று காலை அவளுக்குத் தனியாக அனுப்பிய செய்தி. "இஸ்வோரோவோ பாலத்துல வேலை நடக்குது. சாயங்கால பஸ் அரை மணி லேட்டாப் புறப்படும். பலகையில எழுதி வெச்சுடு, ஜனங்க கிட்டயும் சொல்லிடு." அதன் கீழே ஒரு சிவப்பு இதயம். போட்டது கமேலியா. பிறகு துணிக்கடையில் திரைச்சீலை விலை பார்க்கப் போய்விட்டாள்.

அவள் செய்த முதல் காரியம், குழுவில் இருந்த தன் செய்தியை அழித்தது. செய்தி போய்விட்டது. அந்த இடத்தில் "கமேலியா ஒரு செய்தியை நீக்கியுள்ளார்" என்று வந்து உட்கார்ந்தது. திமோவின் கட்டளை மட்டும் கீழே அப்படியே நின்றது, யாரோ காரணமில்லாமல் நெவெனாவைக் கூப்பிட்டதுபோல.

இரண்டாவது காரியம், மன்னிப்பு. நெவெனாவுக்குத் தனியாக எழுதினாள். எழுதி, மேசையில் ரொட்டி பிட்டுக்கொண்டிருந்த கணவன் இலியாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அன்பு நெவெனா, நான் சொன்னது ஒருவேளை உன் மனசைப் புண்படுத்தியிருந்தா வருந்துறேன். ஆனா நீயும் என் நிலைமையைப் புரிஞ்சுக்கணும். ஜனங்க ஜன்னலை உடைக்காத குறை. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு உனக்குத் தெரியும். நான் எப்பவும் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

இலியா சூப்பை உறிஞ்சினான். "யாரு யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறது இதுல?"

"நான் அவகிட்ட."

"எனக்கு என்னமோ அவ உன்கிட்ட கேக்கணும் போல இருக்கு."

"உனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் புரியாது."

மூன்று பூவும் கண்ணீர் வடிக்கும் ஒரு மூஞ்சியும் சேர்த்து அனுப்பினாள். நெவெனா பார்த்ததாகக் காட்டியது. பதில் இல்லை. சனிக்கிழமை முழுக்க இல்லை. "மனுஷிக்கு மன்னிக்கிற குணம் இருக்கணும்" என்று கமேலியா இலியாவிடம் இரண்டு தடவை சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தப்பு செய்தது நெவெனா என்ற அளவுக்கு விஷயம் வளர்ந்துவிட்டது.

குருத்து ஞாயிறு, பூப்பெயர் வைத்தவர்கள் எல்லாருக்கும் பெயர் நாள், பிறந்த நாள் மாதிரி கொண்டாட வேண்டும். கமேலியாவும் ஒரு பூ, நெவெனாவும் ஒரு பூ, ஆகவே இரண்டு பேருக்கும் பெயர் நாள். கோயிலில் வாங்கிய வில்லோ மரக் கிளையை வாசலில் மாட்டிவிட்டு, கமேலியா வாழ்த்து அனுப்பினாள். "உனக்கும்" என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். போதாதா என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பெயர் நாளுக்குப் பொரித்த மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மனசில் பத்து மணி, விளக்கம், அந்தச் சிவப்பு இதயம். அந்த இதயத்தைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டே பேர். அந்த எண்ணம் ஒரு தரம் அவளுக்குள் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டே போனது.

கமேலியாவின் ஷிப்ட் சாயங்காலம்தான் என்றாலும், திங்கள் காலையிலேயே இரண்டு பெண்களும் வேலைக்கு மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார்கள். பெயர் நாள் வந்தால் எல்லாருக்கும் நீட்ட வேண்டும், எடுத்துக்கொள்கிறவர்கள் நல்லாயிரு என்று சொல்ல வேண்டும். கமேலியா வேண்டுமென்றே இரண்டடுக்குப் பெட்டி வாங்கியிருந்தாள். பட்டு ரிப்பன் வேறு. அதை நேராக நெவெனாவின் மேசைக்குக் கொண்டுபோய், கழுத்தைச் சாய்த்து நீட்டினாள்.

நெவெனா ஒன்று எடுத்துக்கொண்டாள். "நல்லாயிரு."

"இன்னொண்ணு எடுத்துக்கோயேன்."

"போதும்."

"நான் அனுப்பினதைப் படிச்சியா?"

"எதை? எல்லாரும் படிச்சதையா, நான் மட்டும் படிச்சதையா?"

கமேலியாவின் கண் நிறைந்தது. அது அவளுக்குச் சுலபம். "நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி முழுக்கத் தூங்கலடி. என்னை மாதிரி பாவி யாரும் இல்ல."

"அழாத. அழுதா நான் உனக்குத் தண்ணி கொண்டாந்து முதுகைத் தடவணும். பத்து மணிக்குத் திமோவ் சார் கூப்பிட்டிருக்கார், எனக்கு நேரமில்ல." நெவெனா மிட்டாய்த் தாளை நான்காக மடித்தாள். "என் போன்ல உன் இதயம் அப்படியே இருக்கு. காட்டலாம். காட்டினா, கூட வேலை செய்யறவளை மாட்டி விட்டவள்னு சாயங்காலமே என் பேரு ஆயிடும். காட்டலன்னா எச்சரிக்கை. நீயே சொல்லு, எது வசதி?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அதுதான் கமேலியாவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

வெளியே நடைமேடையில், ஸ்லிவென் பஸ் டிரைவர் கான்சோ புகைத்துக்கொண்டிருந்தான். அவன் வாய் பஸ் நிலையத்திலேயே கெட்ட வாய். கமேலியா அவன் பக்கத்தில் நின்று குழுவுக்கு எழுத ஆரம்பித்தாள். அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"'களைப்புல இருந்தேன்' எதுக்கு? உன் களைப்பை யாரு கேட்டா?"

"சும்மா ஒரு காரணம்."

"எடு அதை. 'புண்பட்டிருந்தால்' என்ன? பட்டுதா இல்லையான்னு இன்னும் உனக்குச் சந்தேகமா? அதையும் எடு. இந்த அழுமூஞ்சி வேற. இது என்ன, செத்த வீடா?"

"எல்லாத்தையும் எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்?"

"நீ பண்ணினது இருக்கும்."

மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை இஸ்வோரோவோ பஸ் நேரம் மாறினதை நெவெனா காலையிலேயே எனக்குச் சொல்லிட்டா. நான் பார்த்தேன், ஒத்துக்கிட்டேன், பலகையில எழுத மறந்துட்டேன். தப்பு என்னோடது. பார்க்காம அவளைப் பத்தி இங்க எழுதினது பொய். நெவெனா, உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே ஷிப்ட் மாறும்போது பலகையில நேரத்தை எழுதின பிறகுதான் ஜன்னலைத் திறப்பேன்."

இதை எழுதியபோது அவளுக்கு உடம்பில் துணியே இல்லாததுபோல் இருந்தது. ரத்தக் கொதிப்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது சேர்க்க விரல் துடித்தது. கான்சோ பார்த்துக்கொண்டே நின்றான். அனுப்பினாள்.

பிறகு அவளே படியேறித் திமோவின் அறைக்குப் போனாள். பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. திமோவ் குழுவைத் திறந்து வைத்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அப்ப நெவெனா எனக்கு எதுக்கு விளக்கம் எழுதணும்?"

"எழுத வேண்டாம் சார்."

"யாராவது எழுதித்தானே ஆகணும். ஜனங்க புகார் குடுத்திருக்காங்க."

திமோவ் ஒருவேளை பெரிய மனசு பண்ணி விட்டுவிடுவார் என்று கமேலியா எதிர்பார்த்திருந்தாள். ஒப்புக்கொண்டவளுக்குப் பாராட்டாக ஏதாவது கிடைக்கும் என்றுகூட ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது.

"நான் எழுதறேன் சார்."

"சுருக்கமா எழுது. உன் விளக்கமெல்லாம் நாவல் மாதிரி வரும்." காகிதத்தை நீட்டினார்.

கமேலியாவுக்கு ஒரு கண்டிப்பு விழுந்தது. அவள் வேலைக்கு வந்ததிலிருந்து முதல் கண்டிப்பு. நெவெனா பத்து மணிக்குப் படியேறிப் போய், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். விளக்கக் காகிதம் எழுதப்படாமல் அவள் கையில் இருந்தது. அதை இரண்டாகக் கிழித்து, மாதக் கணக்கு போட ஆகும் என்று அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

குழுவில் கமேலியாவின் செய்திக்குக் கீழே நான்கு இதயமும், கான்சோவின் ஒரு சிரிப்பும் விழுந்தன. நெவெனா எதுவும் போடவில்லை. கமேலியா மதியம் வரைக்கும் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டிப் பிடிப்பாள், அக்கா என்பாள், இனிமே பேச வேண்டாம் அதைப் பற்றி என்பாள் என்று எதிர்பார்த்தாள். நெவெனா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ணா பஸ்ஸுக்கு நடைமேடை மாற்றினாள். தொலைபேசியில் யாருக்கோ டிக்கெட் விலை சொன்னாள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் நெவெனா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனாள். துப்புரவுக்காரம்மாவுக்கு நீட்டினாள், டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கு நீட்டினாள், கான்சோ இரண்டு எடுத்துக்கொண்டான். கடைசியாகக் கமேலியாவின் ஜன்னலுக்கு வந்தாள். பெட்டியில் ஒன்றே ஒன்று பாக்கி, உள்ளே செர்ரி மதுவும் கசப்பும் நிறைந்தது. யாரும் எடுக்காதது. கமேலியாவுக்கும் ஆகாது.

"நெவெனா, நான் மறுபடியும் ஒரு தரம்..."

"எடுத்துக்கோ."

"இல்ல, உண்மையிலேயே மனசார..."

"கமேலியா, படிச்சேன். நல்லா இருந்துச்சு. எடுத்துக்கோ, பலகையில நேரம் எழுதணும் நீ."

கமேலியா எடுத்து வாயில் போட்டாள். மது தொண்டையைச் சுட்டது. நல்லாயிரு என்று சொல்ல வேண்டும் என்பது விழுங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நெவெனா அதற்குள் காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கமேலியாவின் கோப்பையையும் சேர்த்துக் கழுவினாள்.

கமேலியா சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.