அப்பா மூடிய மூன்று டிக்கெட்டுகள்

அன்று வீட்டில் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா பெசன்ட் நகரில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். லைசென்ஸ் காலாவதி என்று ஆட்டோ ஆப் அப்பாவின் கணக்கை முடக்கி நான்கு நாளாகியிருந்தது. புது லைசென்ஸின் படத்தை அனுப்பியும் சவாரி வரவில்லை.

"எத்தினி தபா புகார் போட்ட நைனா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"மூணு. ஒவ்வொரு தபாவும் மிஷின் 'உதவியா இருந்துச்சா'ன்னு கேட்டுச்சு. 'ஆமா' அமுக்கினேன்."

"அதான் புகாரை மூடிட்டான்!"

"மரியாதையா கேக்கசொல்ல 'இல்ல'ன்னா சொல்றது?"

மெசேஜ்களில் தேடி மூன்று புகார்களின் டிக்கெட் எண்களையும் தாளில் எழுதினேன். அப்பா சொன்ன மிஷின், அந்த ஆப்பின் சாட்பாட், 'உதவியா இருந்துச்சா' என்று கேட்டபோதெல்லாம் 'இல்லை' அமுக்கினேன். 'உங்கள் பிரச்சினை என்ன' என்ற அதே பட்டியல் இரண்டு முறை திரும்பி வந்தபின்தான் ஆளோடு பேச வழி கிடைத்தது. எண்களைச் சொன்னதும் போனில் பேசிய பெண் முதல் டிக்கெட்டிலேயே லைசென்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கணக்கைத் திறந்துவிட்டார். அதுவரை ஓடாத சவாரிகளில் எங்களுக்குப் போனது மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.